பாதி அம்பியர் என்றால் பாதிச் சுமை அல்ல

ஒலுவிலில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நெல்வயல். அட்டாளைச்சேனை, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று எந்தப் பக்கம் போனாலும் கல்லோயாத் தண்ணீரில் விளைந்த நெல்லை அரிசியாக்கும் மில்கள் உண்டு. மில்லுக்குள் நுழைந்தால் நெல் தூற்றும் இயந்திரம், எலிவேட்டர், உமி நீக்கும் ரப்பர் ரோல், பொலிஷர், உமியைத் தள்ளும் புளோவர் என ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றில் எத்தனை தேவைக்கு அதிகமான பருமனில் இருக்கின்றன என்று கேட்டால், பெரும்பாலான மில்களில் யாராலும் சொல்ல முடியாது. மோட்டார் சுற்றுகிறது, சூடாகவில்லை, சத்தமில்லை, அதோடு விட்டுவிடுவார்கள்.

இதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி வேண்டியதில்லை. எலக்ட்ரீஷியன்கள் இடுப்பில் மாட்டித் திரியும் கிளாம்ப் மீற்றர் போதும். ஆனால் அது காட்டும் இலக்கத்தை எப்படி வாசிப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். நேம் பிளேட்டில் 28.5 அம்பியர், கிளாம்ப் மீற்றரில் 14 அம்பியர். ஆகவே மோட்டாரில் பாதிச் சுமை இருக்கிறது என்று முடிவு கட்டுவார்கள். அந்த முடிவு தவறு. உண்மைச் சுமை பாதியை விட நிறையக் குறைவாக இருக்கும். காரணம் தெரிந்தால் சரியான கணக்கு எளிதாக வரும்.

மூன்று பேஸ் மோட்டாருக்குள் போகும் மின்னோட்டம் இரண்டு வேலைகளுக்காகப் போகிறது. ஒன்று, உள்ளே காந்தப் புலத்தை உண்டாக்குவது. இந்தப் பகுதி, மோட்டார் வெறுமனே சுற்றினாலும் முழுச் சுமையில் திணறினாலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும். மற்றது, இயந்திரத்தைச் சுழற்றும் வேலைக்கானது. சுமை கூடக் கூட இது கூடும். கிளாம்ப் மீற்றர் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. இரண்டும் சேர்ந்த மொத்தத்தை ஒரே இலக்கமாகக் காட்டும். அந்தச் சேர்க்கையும் சாதாரணக் கூட்டலாக இல்லாமல் செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள் சேர்ந்து கர்ணமாவது போல இருக்கும். ஆகவே சுமையே இல்லாத மோட்டாரும் கணிசமான அம்பியர் காட்டும். 1500 சுற்று வகையைச் சேர்ந்த, மில்களில் சாதாரணமாகக் காணும் 10, 20 எச்.பி. மோட்டார்களில் இந்த வெற்று ஓட்ட மின்னோட்டம் முழுச்சுமை அம்பியரில் மூன்றிலொரு பங்குக்குக் குறையாது. சிலவற்றில் பாதியை நெருங்கும். 2 எச்.பி. போன்ற சிறிய மோட்டார்களில் பாதியையும் தாண்டிவிடும்.

எனவே சுமையை அறிய ஒரு அளவு போதாது, இரண்டு வேண்டும். இயந்திரம் வேலை செய்யும்போது ஓடும் அம்பியர் ஒன்று. பெல்டைக் கழட்டிவிட்டு மோட்டாரை மட்டும் ஓடவிட்டுப் பார்க்கும் அம்பியர் மற்றது. நம்முடைய மில்களில் பெரும்பாலான இயந்திரங்கள் பெல்டில் ஓடுவதால் இது சுலபம். வேலை முடிந்து மெஷினை நிறுத்தும் நேரம் பார்த்து, "காக்கா, பெல்டைக் கழட்டி ரெண்டு நிமிஷம் சும்மா ஓட விட்டுப் பார்ப்பமா?" என்று கேட்டால் எந்த மில்காரரும் மறுக்கமாட்டார். இரண்டு அளவும் கையில் கிடைத்ததும் கணக்கு இதுதான்:

```
சுமை % = 100 × √[ (I² − I0²) ÷ (Ir² − I0²) ]
```

இதில் I என்பது வேலை நடக்கும்போது அளந்த அம்பியர். I0 என்பது பெல்ட் இல்லாமல் அளந்தது. Ir என்பது நேம் பிளேட்டில் உள்ள முழுச்சுமை அம்பியர். மொத்தத்தின் வர்க்கத்திலிருந்து காந்தமாக்கும் பகுதியின் வர்க்கத்தைக் கழித்தால் வேலைக்கான பகுதியின் வர்க்கம் மிஞ்சும். முன்சொன்ன முக்கோணத்தின் கணக்குத்தான் இது. கைத்தொலைபேசியில் உள்ள கல்குலேற்றரே போதும்.

ஒரு மோட்டாரை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இலக்கங்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. ஆனால் அந்தப் பருமன் மோட்டாரில் உண்மையில் காணக்கூடியவைதான். உமி நீக்கும் ரப்பர் ரோல் மெஷின் ஒன்றில் ஆரம்பத்தில் 10 எச்.பி., அதாவது 7.5 கிலோவாற் மோட்டார் இருந்தது. பெரும்போக அறுவடை முடிந்து நெல் மூட்டைகள் வாசல் வரை அடுக்கியிருந்த சமயத்தில் அது எரிந்துபோனது. மில்லை நிறுத்த முடியாது. ஸ்டோரில் 20 எச்.பி., அதாவது 15 கிலோவாற் மோட்டார் ஒன்று சும்மா கிடந்தது. புல்லியை மாற்றி அதை மாட்டினார்கள். எரிந்ததை ரீவைண்ட் செய்து கொண்டுவந்த பிறகும் பெரியது அங்கேயே நின்றுவிட்டது. தேவைக்கு மேற்பட்ட மோட்டார்கள் பெரும்பாலும் இப்படித்தான் உள்ளே வருகின்றன. திட்டம் போட்டு யாரும் பெரிதாக வாங்குவதில்லை. அவசரம்தான் கொண்டுவந்து வைக்கிறது.

அந்த 15 கிலோவாற் மோட்டாரின் நேம் பிளேட்டில் 400 வோல்ற், 28.5 அம்பியர், 1460 சுற்று என்று இருக்கிறது. ரோலுக்குள் நெல் சீராக விழும்போது மூன்று வயர்களிலும் தனித்தனியே அளந்தால் 13.8, 14.3, 13.9. சராசரி 14 அம்பியர். பெல்டைக் கழட்டி ஓடவிட்டால் 11 அம்பியர்.

14 இன் வர்க்கம் 196. 11 இன் வர்க்கம் 121. வித்தியாசம் 75. கீழே 28.5 இன் வர்க்கம் ஏறத்தாழ 812. அதில் 121 போக 691. 75 ஐ 691 ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.33. அதாவது 33 சதவீதச் சுமை. 15 கிலோவாற் மோட்டார், ஏறத்தாழ 5 கிலோவாற் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. வெறும் அம்பியர் விகிதத்தைப் பார்த்திருந்தால் 49 சதவீதம் என்று நினைத்து, பரவாயில்லை என்று விட்டிருப்போம்.

இந்தக் கணக்கு ஒரு மதிப்பீடு. ஐந்து சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம். சந்தேகம் தீர இன்னொரு வழியில் சரிபார்க்கலாம்: சுற்றுவேகம் அளக்கும் டக்கோமீற்றர். 50 ஹேட்ஸ் மின்சாரத்தில் இந்த வகை மோட்டாரின் காந்தப் புலம் நிமிடத்துக்கு 1500 தரம் சுழலும். மோட்டார் அதற்குச் சற்றுப் பின்தங்கித்தான் சுற்றும். முழுச்சுமையில் 1460 என்றால் 40 சுற்றுப் பின்தங்கல். இப்போது அளந்தால் 1487 வருகிறது என்று வையுங்கள். 13 சுற்றுத்தான் பின்தங்கல். 13 ஐ 40 ஆல் வகுத்தால் 0.33 தான். இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால் நம்பலாம். நேம் பிளேட்டில் எழுதும் சுற்றுவேகம் முழுமைப்படுத்திய இலக்கம் என்பதால் இந்த முறையும் துல்லியமானதில்லை. ஆனால் ஒன்று 33, மற்றது 70 என்று வந்தால் அளவிட்ட விதத்தில் எங்கோ பிழை இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அளவிடும்போது நேரும் பிழைகளில் மிக அதிகம் காண்பது ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில்தான். 10 எச்.பி.க்கு மேற்பட்ட மோட்டார்கள் பெரும்பாலும் இந்த ஸ்டார்ட்டரில் ஓடுகின்றன. ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாருக்கு ஆறு வயர்கள் போகும். கைக்கு எட்டியது அந்த ஆறில் ஒன்று என்று அதில் கிளாம்ப் மாட்டினால் வரும் அளவு, உண்மையான லைன் அம்பியரில் 58 சதவீதம்தான். நம்முடைய 14 அம்பியர் அங்கே 8.1 என்று தெரியும். நேம் பிளேட் அம்பியரோ லைனுக்குரியது. ஆகவே கிளாம்பை ஸ்டார்ட்டருக்கு உள்ளே வரும் மூன்று வயர்களில் மாட்ட வேண்டும். அங்கே இடமில்லை என்றால் ஆறில் ஒன்றில் அளந்து 1.73 ஆல் பெருக்க வேண்டும். 15 கிலோவாற் மோட்டார் 8 அம்பியரில் ஓடுகிறது என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கிளாம்பை எந்த வயரில் மாட்டினீர்கள் என்பதே.

மோட்டாருக்கு அருகிலேயே கப்பாசிட்டர் பொருத்தியிருந்தால் இன்னொரு குழப்பம் வரும். காந்தமாக்கும் மின்னோட்டத்தில் ஒரு பகுதியைக் கப்பாசிட்டரே கொடுத்துவிடுவதால், அதற்கு முன்னால் அளந்தால் அம்பியர் குறைத்துக் காட்டும். கப்பாசிட்டருக்கும் மோட்டாருக்கும் இடையில் அளக்க வேண்டும். அல்லது கப்பாசிட்டரை எலக்ட்ரீஷியன் முறையாகப் பிரித்துவிட்டு அளக்க வேண்டும். வேகத்தை மாற்றும் இன்வேர்ட்டரில் ஓடும் மோட்டாருக்கு இந்தக் கட்டுரையின் கணக்கு பொருந்தாது. அங்கே உள்ளே வரும் அம்பியர் ஒன்று, மோட்டாருக்குப் போகும் அம்பியர் வேறொன்று. சுமையை அறிய இன்வேர்ட்டரின் திரையே நல்லது.

வோல்ற்றளவையும் கட்டாயம் அதே நேரத்தில் அளந்து எழுத வேண்டும். லைனின் கடைசியில் இருக்கும் மில்களில் பகலில் 370 வோல்ற்றுக்கு இறங்குவதும் இரவில் 420 வரை ஏறுவதும் நடக்கும். வோல்ற் இறங்கினால் அதே வேலைக்கு அம்பியர் கூடும். வோல்ற் ஏறினால் இரும்பு நிரம்பி, வெற்று ஓட்ட அம்பியர் துள்ளி ஏறும். சுமையோடு ஓடும் அளவைப் பகலில் எடுத்து, பெல்ட் கழட்டிய அளவை நள்ளிரவில் எடுத்தால் இரண்டையும் ஒரே கணக்கில் போட முடியாது. இரண்டு அளவையும் ஒரே மணி நேரத்துக்குள் எடுங்கள். வோல்ற் 380 க்கும் 420 க்கும் இடையில் இல்லை என்றால் வேறொரு நேரத்தில் மறுபடி அளவிடுங்கள்.

மூன்று வயர்களிலும் தனித்தனியே அளக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. வோல்ற்றளவில் மூன்று பேஸ்களுக்கும் இடையே ஒரு சதவீத வேறுபாடு இருந்தாலே அம்பியரில் அது ஆறேழு மடங்காகப் பெருகித் தெரியும். மூன்றில் ஒன்று மட்டும் ஒதுங்கி நின்றால் சுமைக் கணக்கை ஒத்திப்போட்டுவிட்டு இணைப்புகளைப் பாருங்கள். கடற்கரையில் உப்புக்காற்று தொடும் டேர்மினல்களில் பாசி பிடித்தாற்போல் பச்சை ஏறி இணைப்பு தளர்ந்திருப்பது இங்கே அடிக்கடி காணும் விடயம். மூன்று வயர்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கிளாம்புக்குள் விட்டால் பூச்சியத்துக்குப் பக்கத்தில்தான் காட்டும். மூன்றும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஒரு தரத்துக்கு ஒரு வயர்.

இந்த அளவுகளுக்கு ஸ்டார்ட்டர் பெட்டியின் கதவு திறந்திருக்க வேண்டும். உள்ளே 400 வோல்ற் உயிரோடு இருக்கும். அதனால் இது எலக்ட்ரீஷியனின் வேலை. மீற்றரில் CAT III 600 V என்று அச்சிட்டிருக்க வேண்டும். உமித்தூசி படிந்த பெட்டியை ஊதித் துடைப்பது, மின்சாரத்தை முழுவதுமாக நிறுத்திய பிறகுதான். பெல்டைக் கழட்டும்போது மெயின் சுவிட்சை நிறுத்திப் பூட்டுப் போடுங்கள். யாரோ ஒருவர் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டால் விரல் போய்விடும்.

இனி எலிவேட்டர்களைப் பார்ப்போம். அம்பியர் விகிதம் மிக மோசமாக ஏமாற்றும் இடம் அதுதான். ஒரு மணி நேரத்தில் 5 தொன் நெல்லைப் 10 மீற்றர் உயரத்துக்குத் தூக்க எவ்வளவு வலு வேண்டும்? 5000 கிலோவை 9.81 ஆலும் 10 ஆலும் பெருக்கி 3600 செக்கன்களால் வகுத்தால் வரும் விடை 136 வாற். உராய்வு, பெல்ட் இழுவை, வாளி நெல்லை அள்ளும் எதிர்ப்பு எல்லாம் சேர்த்து அதை மூன்று மடங்காக்கினாலும் அரை கிலோவாற்றைத் தாண்டாது. ஆனால் அங்கே இருப்பது 2 எச்.பி., 1.5 கிலோவாற் மோட்டார். முழுச்சுமை அம்பியர் 3.5, வெற்று ஓட்டம் 2.2, நெல் ஓடும்போது 2.4 என்று வையுங்கள். விகிதம் பார்த்தால் 69 சதவீதம், மிகச் சரியான பருமன் போலத் தெரியும். நம் சூத்திரத்தில் போட்டால் 35 சதவீதம் வருகிறது; அரை கிலோவாற்றைச் சற்றுத் தாண்டிய வலு, முன் போட்ட எடைக் கணக்கோடும் ஒத்துப்போகிறது.

இத்தனை சிறிய அம்பியரில் கிளாம்ப் மீற்றரின் பிழையே முடிவை மாற்றிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். 2.4 என்பது 2.5 ஆகத் தெரிந்தால் விடை 35 இலிருந்து 44 க்குப் போகும். இதற்கு ஒரு வழி: வயரில் இடமிருந்தால் அதை கிளாம்பின் வாய்க்குள் மூன்று தரம் சுற்றி எடுத்து, வரும் இலக்கத்தை மூன்றால் வகுப்பது. அப்போது 7.2 என்று காட்டும். பத்தில் ஒன்று பிசகினாலும் முடிவு அதிகம் ஆடாது.

எலிவேட்டரின் மோட்டார் பெரியது என்பதற்காக உடனே சின்னதாக மாற்றிவிடக் கூடாது. நெல் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் வாளிகள் நிறைந்தபடியே நிற்கும். அடிப்பெட்டியில் நெல் குவியும். கரண்ட் வந்ததும் அத்தனையையும் சேர்த்து இழுத்துத் தொடங்கும் பலம் மோட்டாருக்கு வேண்டும். அதற்காகவே பெரிதாக வைத்திருக்கிறார்கள் என்றால் அது நியாயமான பருமன். அங்கே மிச்சப்படுத்தக் கூடியதும் சில பத்து வாற்றுகள்தான். எலிவேட்டர்களை நான் பட்டியலின் கடைசியில் வைப்பேன்.

பொலிஷரும் ரப்பர் ரோலும் வேறு விதம். அவற்றின் சுமை நெல்லுக்கு நெல் மாறும். ஈரம் கூடிய நெல், புழுங்கல் நெல், ரோலை இறுக்கிய அளவு, மேலே தொட்டியிலிருந்து விழும் வேகம் எல்லாம் அம்பியரில் தெரியும். ஒரே ஒரு அளவை எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். குறைந்தது ஒரு முழு வேலைநாளில், வெவ்வேறு நெல் ஓடும்போது அளவிட்டு, சாதாரண அளவு, உச்ச அளவு என்று இரண்டையும் எழுத வேண்டும். கிளாம்ப் மீற்றரில் உள்ள MAX பொத்தானை அழுத்திவிட்டால் உச்சத்தைத் தானே பிடித்து வைத்திருக்கும். மோட்டார் ஓடத் தொடங்கிய பிறகு அழுத்துங்கள்; முன்பே அழுத்தினால் தொடக்க அம்பியரைத்தான் பிடிக்கும், அது முழுச்சுமையைப் போல ஐந்தாறு மடங்கு இருக்கும். கடற்கரை ஊர்களின் ஐஸ் ஆலைகளிலும் இதே எச்சரிக்கை தேவை. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும்போது கொம்பிரசர் மோட்டார் முழுச்சுமையில் இழுக்கும். ஐஸ் இறுகும் நேரத்தில் அளந்தால் பருமன் கூடிய மோட்டார் போலத் தோன்றும்.

நம்முடைய ரப்பர் ரோல் மோட்டாருக்குத் திரும்புவோம். ஈரநெல் ஓடும்போது உச்ச அளவு 16.5 அம்பியர் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சூத்திரத்தில் போட்டால் 47 சதவீதம், அதாவது ஏறத்தாழ 7 கிலோவாற். உச்சத்தில்கூடப் பாதியைத் தொடாத மோட்டார் இது. பழைய 7.5 கிலோவாற் மோட்டாரைத் திரும்ப மாட்டினால் சாதாரணமாக 67 சதவீதத்திலும், உச்சத்தில் 93 சதவீதத்திலும் ஓடும். பொருத்தமான பருமன் அது. உச்சம் 18 அம்பியர் வந்திருந்தால் விடை 54 சதவீதம், 8 கிலோவாற்றுக்கு மேல், அப்போது 7.5 போதாது, 11 கிலோவாற்றுக்குத்தான் போக வேண்டும். ஒன்றரை அம்பியர் வித்தியாசம் முடிவையே மாற்றுகிறது. அதனால்தான் உச்ச அளவை விட்டுவிட்டு எதையும் முடிவு செய்யக் கூடாது என்கிறேன்.

மாற்றினால் எவ்வளவு மிச்சம்? மில்காரர்களிடம் இதைப் பற்றி ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. 20 எச்.பி. மோட்டாரை எடுத்துவிட்டு 10 எச்.பி. போட்டால் பில்லில் பாதி குறையும் என்று எதிர்பார்க்கிறார்கள். குறையாது. மோட்டார் தன் பருமனைப் பார்த்து மின்சாரம் எடுப்பதில்லை. இயந்திரம் கேட்கும் வலுவையும் தன் இழப்பையும்தான் எடுக்கிறது. ரோல் கேட்பது 5 கிலோவாற். பழைய 15 கிலோவாற் மோட்டார் மூன்றிலொரு சுமையில் 86 சதவீத வினைத்திறனில் ஓடினால் எடுப்பது 5.8 கிலோவாற். நல்ல தரமான புதிய 7.5 கிலோவாற் மோட்டார் 90 சதவீதத்தில் ஓடினால் 5.55. மிச்சம் கால் கிலோவாற். வருடத்தில் 2000 மணி நேரம் ஓடும் மில்லில் 500 யூனிற். புதிய மோட்டார் வாங்கும் செலவை இது ஈடுகட்டப் பல வருடங்கள் போகும்.

பெரிய வித்தியாசம் யூனிற்றில் இல்லை, கே.வி.ஏ.யில் இருக்கிறது. 14 அம்பியர், 400 வோல்ற் என்றால் 9.7 கே.வி.ஏ. அதில் உண்மையான வலு 5.8 தான், வலுக்காரணி 0.6. சரியான பருமன் மோட்டார் இதே வேலையை 7 கே.வி.ஏ.க்குச் சற்று மேலே செய்துவிடும். ஒரு மோட்டாரில் இரண்டரை கே.வி.ஏ. குறைகிறது. மின்சாரக் கட்டண வகைகளில் 42 கே.வி.ஏ.க்கு உட்பட்ட சிறு கைத்தொழில் இணைப்பு I-1. அதற்கு மேற்பட்டது I-2. I-2 இல் இருக்கும் மில்லுக்கு யூனிற் கணக்கோடு, மாதத்தில் எட்டிய உச்சக் கேள்விக்கு கே.வி.ஏ. ஒன்றுக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணமும் உண்டு. எல்லா மெஷினும் ஒன்றாக ஓடும் நேரத்தில் இந்த மோட்டாரும் ஓடினால் அந்த இரண்டரையும் மாதாமாதம் பில்லில் ஏறும். I-1 இல் இருக்கும் சிறு மில்லுக்கு இந்த லாபம் கிடைக்காது. I-2 காரருக்குக்கூட, வலுக்காரணியை மட்டும் திருத்துவதென்றால் கப்பாசிட்டர் போடுவது மோட்டார் வாங்குவதை விட மலிவு. பருமன் கூடிய மோட்டாரைக் கண்டதும் புதிதாக வாங்கச் சொல்லும் ஆலோசனையை அதனால்தான் நான் ஏற்பதில்லை.

கையில் இருப்பதை இடம் மாற்றுவதுதான் முதல் வழி. ரீவைண்ட் செய்த 7.5 கிலோவாற் மோட்டார் ஸ்டோரில் சும்மா கிடக்கிறதல்லவா? சீசன் முடிந்து மில் ஆறும் நாட்களில், ஒரு நாள் வேலையில் அது ரோலுக்கு வந்துவிடும். 15 கிலோவாற் மோட்டார் பொலிஷருக்கு ஸ்பெயராக நிற்கும். செலவு புல்லியும் பெல்டும் கூலியும்தான். இடம் மாற்றும்போது அடித்தட்டின் துளைகளும் தண்டின் உயரமும் ஒத்துவராது என்பதை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். 15 கிலோவாற் மோட்டாரின் சட்டகம் 7.5 ஐ விடப் பெரியது. ஓவர்லோட் ரிலேயையும் புதிய அம்பியருக்கு இறக்கி வைக்க மறக்கக் கூடாது. 28 அம்பியருக்கு வைத்த ரிலே, 15 அம்பியர் மோட்டாரைக் காப்பாற்றாது.

சில எலக்ட்ரீஷியன்கள் வேறொரு வழி சொல்வார்கள்: டெல்டாவில் ஓடும் மோட்டாரை நிரந்தரமாக ஸ்டாரிலேயே ஓடவிடுவது. ஒவ்வொரு வைண்டிங்குக்கும் வோல்ற் 58 சதவீதமாகக் குறைவதால் காந்தமாக்கும் மின்னோட்டமும் இரும்பு இழப்பும் நன்றாகக் குறையும், வலுக்காரணி ஏறும். செலவே இல்லை. ஆனால் மோட்டாரின் பலமும் மூன்றில் ஒன்றாகிவிடும். நம் 15 கிலோவாற் மோட்டார் ஸ்டாரில் 5 கிலோவாற் மோட்டாராகிவிடும். சாதாரணச் சுமை 5, உச்சம் 7. ஈரநெல் விழும் நாளில் வைண்டிங் கருகிப்போகும். எப்போதும் 30 சதவீதத்துக்குக் கீழே, உச்சத்திலும் அதற்குக் கீழே இருக்கும் மோட்டாருக்குத்தான் இந்த வழி. புளோவர் போன்ற சீரான சுமைகளில் அப்படிப்பட்டவை கிடைக்கலாம். ரோலுக்கும் பொலிஷருக்கும் கூடாது.

புளோவர்களில் இன்னொன்றைக் கவனியுங்கள். காற்றாடி கேட்கும் வலு, வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். புது மோட்டார் பழையதை விட நிமிடத்துக்கு 15 சுற்றுக் கூடுதலாகச் சுற்றினால், வேகம் ஒரு சதவீதம்தான் கூடும். வலு மூன்று சதவீதம் கூடிவிடும். வினைத்திறனில் மிச்சம் பிடித்ததை அது தின்றுவிடும். பெல்டில் ஓடும் புளோவரென்றால் புல்லியைச் சற்று மாற்றி வேகத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

வாங்குவதற்குச் சரியான தருணம், மோட்டார் எரியும் நாள். அன்றைக்கு அவசரத்தில் கிடைத்ததை மாட்டாமலிருக்க, எந்த இயந்திரத்துக்கு எந்தப் பருமன் என்பதை முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். மில்லில் உள்ள எல்லா மோட்டார்களுக்கும் ஒரு கொப்பியில் நேம் பிளேட் அம்பியர், வெற்று ஓட்ட அம்பியர், சாதாரண அளவு, உச்ச அளவு, வோல்ற், கணக்கிட்ட சுமை ஆகியவற்றை எழுதி வைத்தால் போதும். 5 எச்.பி.க்குக் குறைந்தவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீண்ட நேரம் ஓடுகிற, உச்சத்திலும் 50 சதவீதத்தைத் தாண்டாத பெரிய மோட்டார்களே முதலில் கவனிக்க வேண்டியவை. கணக்கு சரிதானா என்று பார்க்க வலுப் பகுப்பாய்வி உள்ளவர்களைக் கேட்கலாம். ஒலுவிலிலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது; பக்கத்து ஊர் மில் ஒன்றின் மோட்டார்களை அளவிடுவது மாணவர்களுக்கு நல்ல செயற்திட்டமாகும் என்பது என் கருத்து.

நேம் பிளேட்டே இல்லாத மோட்டார்களும் நிறைய உண்டு. பெயின்ற் அடித்து மறைந்திருக்கும், அல்லது பலதரம் ரீவைண்ட் ஆகி எழுத்துக்கும் உள்ளே இருக்கும் செம்புக்கும் சம்பந்தமே இல்லாமல் போயிருக்கும். ரீவைண்ட் செய்யும்போது ஒரு சுருளில் சில சுற்றுக்கள் குறைந்தாலே காந்தமாக்கும் மின்னோட்டம் கூடிவிடும். பழைய வைண்டிங்கை எரித்து எடுக்கும்போது நெருப்பு அளவுக்கு மீறினால் இரும்புத் தகடுகளின் காப்புப் போய், இரும்பு இழப்பும் கூடிவிடும். இரண்டையும் சுமையோடு ஓடும் அம்பியரில் பிரித்துக் காண்பது கஷ்டம். சுற்றுக் குறைந்திருந்தால் வெற்று ஓட்ட அம்பியரே பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். இரும்பு கெட்டிருந்தால் சுமையில்லாமல் ஓடும்போதே மோட்டாரின் உடல் வழக்கத்தை விடச் சூடேறும்.

ஆகவே ரீவைண்டிங் கடையிலிருந்து மோட்டார் வந்ததும் பெல்ட் மாட்டும் முன்பே கிளாம்ப் மீற்றரை எடுங்கள். பத்து நிமிடம் சும்மா ஓடவிட்டு, மூன்று வயர்களிலும் அளவிட்டு, சராசரியையும் வோல்ற்றையும் திகதியையும் மோட்டாரின் உடலில் பெயின்ற்றால் எழுதிவிடுங்கள். அடுத்த தரம் ரீவைண்ட் ஆகி வரும்போது, அதே வோல்ற்றில் 11 ஆக இருந்தது 14 என்று காட்டினால், காசு கொடுப்பதற்கு முன் கடைக்காரரிடம் சுற்றுக் கணக்கைக் கேட்டு, திருத்தித் தரும்படி மோட்டாரைத் திருப்பி அனுப்பலாம்.